சொல் கணக்கும் விற்பனைக் கணக்கும்

விற்பனைப் பக்கம் எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, "சொல்லுக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்றுதான். கட்டுரைக்கும் மொழிபெயர்ப்புக்கும் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். விற்பனைப் பக்கமோ, வந்து படிக்கிறவர் பணம் செலுத்த வேண்டும் என்ற ஒரே வேலைக்காக எழுதப்படுவது. அதற்குச் சொல் கணக்கில் கூலி பேசினால், எழுதுகிறவருக்கு எந்த வரியையும் வெட்ட மனம் வராது. எழுதச் சொன்னவரும் நீளத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவார். நூறு பேர் வந்தால் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்ற கன்வர்ஷன் கணக்கைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அந்தக் கணக்கையும் எந்த இடத்தில் நின்று எடுக்கிறோம் என்பதில் கவனம் தேவை. இந்தத் தொழிலில் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

நான் எழுதிக் கொடுத்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். எண்களைக் கணக்குப் போட எளிதாக முழு எண்களாக்கியிருக்கிறேன். சிறு நிறுவனங்களில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யத் தமிழில் கற்றுத் தரும் இணைய வகுப்பு அது. கட்டணம் 4,999 ரூபாய். ஏற்கெனவே இருந்த பக்கம், வகுப்பை நடத்துகிறவரின் வாழ்க்கைக் கதையோடு தொடங்கியது. அவர் எங்கே படித்தார், எந்தெந்த நிறுவனங்களில் வேலை பார்த்தார், ஏன் ஆசிரியரானார் என்று விரிந்து, பாடத்திட்டத்துக்கு வருவதற்குள் கைப்பேசியில் நான்கைந்து முறை திரையைத் தள்ளியாக வேண்டியிருந்தது.

எழுத உட்காருவதற்கு முன்னால் அவர்களுடைய வாட்ஸ்அப் விசாரணைகளைக் கேட்டு வாங்கிப் படித்தேன். விற்பனைப் பக்கத்துக்கு இதைவிட நல்ல மூலப்பொருள் கிடையாது. வாங்கியவர்கள் வாங்குவதற்கு முன் என்ன கேட்டார்கள், வாங்காமல் போனவர்கள் எந்தக் கேள்வியோடு நின்றுபோனார்கள் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். ஆசிரியரின் பட்டம் பற்றி அநேகமாக யாரும் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்வி, "சார், 2பி-ல வராத பில்லுக்கு என்ன பண்றதுன்னு சொல்லித் தருவீங்களா?" என்பது. சரக்கு விற்றவர் தன் ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டாவிட்டால், வாங்கியவருடைய ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அது வராது. கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிக் கழிவும் கிடைக்காது. முதலாளி கணக்கரைத்தான் திட்டுவார். மாதாமாதம் அனுபவிக்கும் தலைவலி இது. பழைய பக்கத்தில் இதற்கு இருந்த இடம், பாடத்திட்டப் பட்டியலில் பதினோராவது வரியில், ஒப்பிட்டுச் சரிபார்ப்பதைக் குறிக்கும் 'சமரசப்படுத்துதல்' என்ற ஒரே சொல்.

வாழ்க்கைக் கதையை நான்கு வரியாக்கிக் கீழே இறக்கினேன். அந்த வாட்ஸ்அப் கேள்வியை எழுத்து மாறாமல் தலைப்புக்கு அடுத்த வரியாக வைத்து, கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் ஒப்பிடும் பாடத்தை ஸ்கிரீன்ஷாட்களோடு விரிவாக எழுதினேன். "எங்கள் ஆபீஸில் ஆடிட்டரே பார்த்துக்கொள்கிறாரே, நான் ஏன் கற்க வேண்டும்?" என்ற கேள்விக்கும் ஒரு பகுதி ஒதுக்கினேன். முடிவில் பார்த்தால் பக்கத்தின் நீளம் ஏறத்தாழ பழையபடியே இருந்தது. சொல் கணக்கில் பார்த்தால் நான் ஒரு வேலையும் செய்யவில்லை!

நீளத்தைத் தீர்மானிப்பது, படிக்க வருகிறவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதுதான். விளம்பரத்தைத் தட்டி முதல்முறை வருகிற முன்பின் தெரியாதவரிடம் ஐயாயிரம் ரூபாய் கேட்பதற்கு நீண்ட பக்கம் வேண்டும். அதே ஆள் நம் மின்னஞ்சல்களைப் படித்துவிட்டு வந்தால் தேதி, கட்டணம், பணம் செலுத்தும் பொத்தான் ஆகிய மூன்றே போதும். அவரை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வைப்பது இடைஞ்சல். ஆகவே இரண்டு வழியில் வருகிறவர்களின் கன்வர்ஷனையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இனி அளவெடுக்கும் இடத்துக்கு வருகிறேன். அந்தப் பக்கத்துக்கு வந்த 2,000 பேரில் 180 பேர் 'இப்போதே சேர' என்ற பொத்தானை அழுத்தினார்கள். பணம் செலுத்தி முடித்தவர்கள் 40 பேர் மட்டுமே. மீதி 140 பேர் என்ன ஆனார்கள் என்று பார்க்க, நானே வாங்குகிறவர்போல உள்ளே போனேன். பக்கத்தில் 4,999 என்று இருந்த தொகை, பணம் செலுத்தும் திரையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 5,898 ரூபாய் 82 பைசாவாக நின்றது. ஜிஎஸ்டி வகுப்பு விற்கிறவரே ஜிஎஸ்டியைச் சொல்ல மறந்திருந்தார். கூடுதலாக 900 ரூபாயைக் கடைசித் திரையில் பார்க்கிறவருக்குத் தொகையைவிட, தன்னை ஏமாற்றப் பார்த்தார்கள் என்ற எண்ணம்தான் உறைக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்துப் பிறகு சேர்ப்பதும் முறையற்ற உத்திகளில் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

பொத்தானுக்கு மேலே "ஜிஎஸ்டி உட்பட மொத்தம் ரூ. 5,899. இதற்கு மேல் எந்தத் தொகையும் இல்லை" என்று எழுதி, திரையிலும் அதே தொகை வரும்படி செய்தோம். வருகிறவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த வாக்கியம் உள்ள பக்கத்தையும் மறுபாதிக்கு இல்லாத பக்கத்தையும் ஒரே நாட்களில் காட்டினோம். வாக்கியம் இல்லாத பக்கத்தின் எண்கள் முன்பு போலவே 180, 40 என்று இருந்தன. வாக்கியம் உள்ள பக்கத்தில் 2,000 பேருக்குப் பொத்தானை அழுத்தியவர்கள் 150 ஆகக் குறைந்தார்கள். பணம் செலுத்தியவர்கள் 62 ஆக உயர்ந்தார்கள். பொத்தான் அழுத்தத்தையே கன்வர்ஷன் என்று எண்ணியிருந்தால் அந்த வாக்கியத்தைத் தோல்வி என்று சொல்லித் தூக்கியிருப்போம். விளம்பரங்களைக் கவனித்துக்கொள்ளும் நண்பர் அப்படித்தான் செய்யச் சொன்னார், ஏனென்றால் அவருடைய அறிக்கையில் தெரிந்தது அந்த எண் மட்டுமே.

இந்த 40-க்கும் 62-க்கும் உள்ள இடைவெளியை நம்பலாமா என்பது நியாயமான கேள்வி. இரண்டு பக்கங்களும் உண்மையில் சமமாக இருந்து, தற்செயலாகவே இவ்வளவு வேறுபாடு வருவதற்கான வாய்ப்பு முப்பதில் ஒன்றுக்கும் குறைவு, எனவே ஏற்றுக்கொண்டோம். ஆனால் பக்கத்துக்கு ஆயிரம் பேருக்கு மட்டும் காட்டிவிட்டு, 20 விற்பனைக்கு எதிராக 28 வந்ததைப் பார்த்து "நாற்பது சதவீத உயர்வு" என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். அந்த அளவு வேறுபாடு, ஒரே பக்கத்தை இரண்டு பாதிக்கும் காட்டினாலும் நான்கில் ஒரு முறை வந்துவிடும். 2 சதவீதத்துக்கும் 2.8 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஓரளவு நம்பிக்கையோடு கண்டுபிடிக்க, பக்கத்துக்கு ஏறத்தாழ 5,700 பேர் வர வேண்டும். நம் ஊர்ச் சிறு தொழில்கள் பலவற்றுக்கு அந்தக் கூட்டம் வர மாதக்கணக்காகும். அவர்கள் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றிச் சோதிப்பதில் பொருளில்லை. விலையைச் சொல்லும் விதம், முதல் வாக்குறுதி, திருப்பித் தரும் நிபந்தனை போன்ற பெரிய மாற்றங்களைத்தான் சோதிக்க வேண்டும்.

மின்னஞ்சல் தொடரில் அளவெடுப்பது இதைவிடச் சிக்கல். திறந்தவர் எண்ணிக்கையை 2021-க்குப் பிறகு நான் பெரிதாக நம்புவதில்லை. அந்த ஆண்டு ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, பயனர் மடலைத் திறக்காவிட்டாலும் உள்ளேயிருக்கும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. படம் இறங்கினால் திறந்ததாக எண்ணுவதால், அனுப்பியவருடைய அறிக்கையில் அது 'திறந்தார்' என்று விழும். அடுத்த சிக்கல், எந்த மடல் விற்றது என்பது. நாங்கள் அனுப்பிய ஐந்து மடல் தொடரில், "இன்று இரவோடு சேர்க்கை முடிகிறது" என்ற கடைசி மடல்தான் பாதிக்கு மேல் விற்றதாக அறிக்கை காட்டியது. ஆடிட்டர் கேள்விக்கு விரிவாகப் பதில் சொன்ன மூன்றாவது மடலின் பெயரில் அநேகமாக ஒன்றுமே இல்லை. க்ளையன்ட் மூன்றாவதை நீக்கிவிட்டுக் கடைசி மடலையே இரண்டு முறை அனுப்பலாம் என்றார். அப்படியே செய்யுங்கள், ஆனால் பட்டியலில் பாதிப் பேருக்கு மட்டும் என்றேன். மூன்றாவது மடல் போகாத பாதியில் மொத்த விற்பனை கண்கூடாகக் குறைந்தது. கடைசித் தட்டலைப் பெறுகிற மடல் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்; சரக்கைக் காட்டிப் பேசியது வேறு மடல்.

எழுத்தோடு தொடர்பே இல்லாத ஒரு காரணமும் கன்வர்ஷனை ஆட்டிப்படைத்தது. மாதாமாதம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்குக் கடைசி நாள் மாதத்தின் 11, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20. இந்த வகுப்பை வாங்கக்கூடிய ஆள் 20-ஆம் தேதி வரை தலைநிமிராமல் வேலை பார்ப்பவர். முதல் தொடரை 15-ஆம் தேதி தொடங்கியிருந்தார்கள். அதே மடல்களை அடுத்த மாதம் 21-ஆம் தேதியிலிருந்து அனுப்பியபோது விற்பனை நன்றாகவே கூடியது; நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கமிஷன் பேசியிருந்தால் அந்த உயர்வுக்கும் நான் பங்கு கேட்டிருக்கலாம். முந்தைய மாதத்துச் சரிவுக்கும் என்னையே பிடித்திருப்பார்கள்.

எனவேதான் முழுக்க முழுக்கக் கமிஷனுக்கு எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. விலை, விளம்பரச் செலவு, அனுப்பும் நாள், பணம் செலுத்தும் திரை எதுவும் எழுதுகிறவர் கையில் இல்லை. கமிஷன் மட்டுமே கூலி என்றால், இல்லாத கடைசித் தேதியையும் இல்லாத இருக்கைத் தட்டுப்பாட்டையும் எழுதத் தூண்டுதல் வரும். பொய்யான அவசரத்தை மேலே சொன்ன 2023 நெறிகளே பெயர் சொல்லித் தடுக்கின்றன. அப்படி விற்றவை திருப்பித் தரும் காலத்துக்குள் திரும்பியும் வரும். போதாததற்கு, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் வைத்திருக்கும் விதிப்படி, ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஐயாயிரம் மடலுக்குப் பதினைந்து பேர் எரிச்சலில் அழுத்தினால் போதும், அடுத்த மாத மடல்கள் வாங்க விரும்புகிறவருக்குக்கூடப் போய்ச் சேராமல் போகலாம்.

நான் இப்போது பேசும் ஏற்பாடு இதுதான். விசாரணைகளைப் படிப்பது, எழுதுவது, ஒரு முறை திருத்துவது ஆகியவற்றுக்குச் சேர்த்து ஒரு நிலையான தொகை. அதில் நீளம் பற்றிய பேச்சே கிடையாது. அதற்கு மேல், பழைய பக்கத்தோடு ஒரே நாட்களில் பாதிப் பாதியாக ஓட்டிப் பார்த்து, திருப்பித் தரும் காலம் முடிந்த பிறகு கையில் நிற்கும் விற்பனையில் புதிய பக்கம் எவ்வளவு கூடுதலாகத் தந்ததோ, அந்தக் கூடுதலில் ஒரு பங்கு. பழைய பக்கமே வென்றால் அந்தப் பங்கு இல்லை. பணம் செலுத்தும் திரையை எனக்குக் காட்ட மறுப்பவர்களிடம் இந்த இரண்டாவது பகுதியைப் பேசுவதே இல்லை.