யாருடைய சமையலறை?

2026 மே 1 முதல் இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் வாடகைக்காரரை வெளியேற்றும் 'செக்‌ஷன் 21' கிடையாது. இந்தச் செய்தி எங்கள் லண்டன் மாணவர் குழுவில் வந்த அன்று ஒரே கொண்டாட்டம். "இனி நம்மை யாரும் அசைக்க முடியாது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அவர் இருப்பது ஹாரோவில் ஒரு குடும்பத்தோடு, அவர்கள் வீட்டு மாடி அறையில். அவரிடம் தனியாகச் சொன்னேன்: தம்பி, இந்தச் சட்டத்தில் நீங்கள் இல்லை. நீங்கள் லாட்ஜர், அதாவது வீட்டுக்காரர் வசிக்கும் வீட்டிலேயே ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவர்.

நம்புவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கும் அப்படித்தான் ஆனது, 2019இல்.

அப்போது ஈஸ்ட் ஹாமில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்து வீட்டில் இருந்தேன். மாதம் 550 பவுண்ட், முன்பணமும் 550. நல்ல மனிதர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி சமைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் வரும். ஒரு புதன்கிழமை இரவு வீட்டுக்கார அண்ணா கதவைத் தட்டினார். "தம்பி, மகள் திரும்பி வாறா. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அறையை விடோணும்."

நான்கு நாள். எனக்குக் கோபம் வந்தது. சட்டம் என் பக்கம் இருக்கும் என்ற நம்பிக்கையோடு ஓர் இலவச ஆலோசனை மையத்துக்குப் போனேன். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத் தாளையும் எடுத்துப் போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா தாளைத் தொடவே இல்லை. மூன்றே கேள்விகள். சமையலறை, குளியலறை வீட்டுக்காரரோடு பொதுவா? நீங்கள் குடிவந்தபோது அவர் அங்கேதான் வசித்தாரா? இப்போதும் அங்கேதானா? மூன்றுக்கும் ஆமாம் என்றேன். "அப்படியானால் உங்களை வெளியேற்ற அவருக்குக் கோர்ட் உத்தரவு தேவையில்லை" என்றார்.

1977ஆம் ஆண்டின் 'புரொடெக்‌ஷன் ஃப்ரம் எவிக்‌ஷன்' சட்டம் சாதாரண வாடகைக்காரருக்குக் குறைந்தது நான்கு வார அறிவிப்பும் கோர்ட் உத்தரவும் தருகிறது. அதற்குள் 3A என்று ஒரு பிரிவு உண்டு. வீட்டுக்காரரோடு வசிப்பிடத்தைப் பகிர்ந்து வாழ்பவருக்கு இந்த இரண்டும் இல்லை என்கிறது அது. அவருக்கு மிச்சம் இருப்பது 'நியாயமான அறிவிப்பு' மட்டும். அது எத்தனை நாள் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. எத்தனை நாளுக்கு ஒரு முறை வாடகை கொடுக்கிறோமோ அத்தனை நாள் என்பது வழக்கம். மாத வாடகை என்றால் ஒரு மாதம், வார வாடகை என்றால் ஒரு வாரம். தாளில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் செல்லும். அந்தக் காலம் முடிந்த பிறகு, நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது வீட்டுக்காரர் பூட்டை மாற்றினால்கூட அது குற்றமில்லை. ஆள் உள்ளே இருக்கும்போது வன்முறையில் இறங்கினாலோ அப்படி மிரட்டினாலோதான் குற்றம். உங்கள் பெட்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை கிடையாது.

பகிர்வு என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாடிப்படி, நடைவழி, சாமான் வைக்கும் இடம் இவை கணக்கில் சேராது. உங்களுக்கென்று தனி அடுப்பும் தனிக் குளியலறையும் இருந்து, அண்ணாவோடு படிக்கட்டு மட்டும்தான் பொது என்றால், உங்களை அனுப்ப அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டும். முழு வாடகைக்காரரின் பாதுகாப்பு அப்போதும் வராது, ஆனாலும் பூட்டை மாற்ற முடியாது. ஒரே வீடு, ஒரே வாடகை. ஓர் அடுப்பு இருக்கிறதா இல்லையா என்பதில் இவ்வளவு வித்தியாசம்!

இப்போது சிலர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள். கோர்ட் உத்தரவு இல்லாமல் அனுப்பலாம் என்ற விதி சரிதான் என்று நினைக்கிறேன். 2019இல் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். இன்று எனக்கே ஒரு வீடு இருக்கிறது, அதன் சின்ன அறையில் ஒரு மாணவர் இருக்கிறார். அவருக்கும் என் மனைவிக்கும் ஒத்துவராமல் போனால், வழக்கு முடியும்வரை மாதக்கணக்கில் இருவரும் ஒரே ஃபிரிட்ஜைத் திறந்து மூட வேண்டும். வேறு ஊரில் இருந்துகொண்டு வாடகை வாங்குபவருக்கு வழக்கு என்பது பணக் கஷ்டம். கூடவே இருப்பவருக்கு அது ஒவ்வொரு நாள் காலையிலும் இருக்கும். 1974 வாடகைச் சட்டத்திலேயே கூட வசிக்கும் வீட்டுக்காரருக்குத் தனி விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கு இல்லாவிட்டால் பலர் அறையைப் பூட்டியே வைத்திருப்பார்கள். அறை வாடகையில் ஆண்டுக்கு 7,500 பவுண்ட் வரை வரி இல்லை என்று அரசு வைத்திருப்பதும் யாராவது அறையைத் திறந்து விடட்டும் என்றுதான்.

எனக்கு ஒப்பாதது முன்பண விஷயம். சாதாரண வாடகைக்காரரின் முன்பணத்தை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற ஒரு திட்டத்தில் சேர்க்க வேண்டும். தவறினால் அந்தத் தொகையைப் போல மூன்று மடங்குவரை அபராதம். கடைசியில் தகராறு வந்தால் அந்தத் திட்டமே இலவசமாகத் தீர்த்து வைக்கும். லாட்ஜருக்கு இது எதுவும் இல்லை. ஏன்? ஒரே சமையலறையைப் பயன்படுத்துகிறோம் என்பதற்கும், என் 550 பவுண்ட் அண்ணாவின் சொந்தக் கணக்கில் கிடப்பதற்கும் என்ன சம்பந்தம்? நான் போன பிறகுதானே முன்பணப் பேச்சே வருகிறது! அப்போது ஃபிரிட்ஜும் பொது இல்லை, அடுப்பும் பொது இல்லை.

என் கதை இப்படி முடிந்தது. மாத வாடகை என்பதைச் சொல்லி ஒரு மாதம் கேட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒப்புக்கொண்டார். கிளம்பும்போது கம்பளக் கறைக்கு என்று 300 பவுண்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கறை நான் வருவதற்கு முன்பே இருந்தது, ஆனால் என்னிடம் படம் இல்லை. சிறு தொகை வழக்கு ஒன்றுதான் வழி. கட்டணம் கட்டி, தேதிக்குக் காத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி போட்ட அக்காவை எதிரில் உட்கார வைத்து... நான் போகவில்லை. பெரும்பாலான லாட்ஜர்கள் போக மாட்டார்கள் என்பதுதான் இதில் பிடித்து வைப்பவருக்கு இருக்கும் தைரியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லாட்ஜர் என்று தாளில் எழுதியதால் மட்டும் ஒருவர் லாட்ஜர் ஆகிவிட மாட்டார். 1985இல் 'ஸ்ட்ரீட் எதிர் மவுன்ட்ஃபோர்ட்' வழக்கில், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இதைத் தெளிவாக்கியது. ஐந்து பல் வைத்து மண் கிளறும் கருவியைச் செய்துவிட்டு, இது மண்வெட்டி என்று சாதித்தாலும் அது தோட்டத்து ஃபோர்க்தான் என்ற பொருளில் டெம்பிள்மேன் பிரபு சொன்னார். என் நண்பர் ஒருவருக்கு இது உதவியது. அவர் வீட்டுக்காரர் ஓர் அறையில் ஒரு கட்டிலைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து தபாலை எடுத்துக்கொண்டு போவார். மனைவி, பிள்ளைகள், சாமி படம் எல்லாம் வேறு வீட்டில். பிறகு, "நீ லாட்ஜர்தானே, வெள்ளிக்கிழமை கிளம்பு" என்றார். 3A பிரிவு பொருந்த, ஆரம்பத்திலும் முடிவிலும் அதுவே வீட்டுக்காரரின் முதன்மையான வீடாக இருக்க வேண்டும். கட்டில் போட்டால் போதாது. கோர்ட் உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றினால் அது குற்றம் என்று கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் போனது. வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை.

ஹாரோ தம்பி கடைசியாகக் கேட்டது: "அண்ணா, அப்போ நான் என்ன பண்றது?" நான்கு வார அறிவிப்பு என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அப்புறம் இன்று ராத்திரியே அறையைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றேன். கம்பளத்தை மறக்காமல்.