"வாட்ஸ் அப்?" என்று கேட்டால் என்னதான் சொல்லித் தொலைப்பது?

எனக்கு 53 வயது. எட்டு வருடமாக அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு பார்க்கிறேன். தேய்மானம், வரி, தணிக்கை என்று எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடப் பதில் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமை வீடியோ காலிலும் முதல் மூன்று நொடியில் என் மானம் போகிறது.

போன வாரமும் அதேதான். அந்தப் பக்கம் ஒரு பையன், என் மகன் வயதுதான் இருக்கும். "ஹே, வாட்ஸ் அப்?" என்றான். "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ?" என்றேன். ஒரு நொடி அமைதி. அப்புறம் "குட், குட்" என்று இழுத்தான். என் பக்கத்து இருக்கைப் பொடியன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான்.

என்ன தப்பு என்று அவனைப் பிடித்து உலுக்கியபோதுதான் தெரிந்தது. அந்தக் கேள்வி என் நலத்தையே விசாரிக்கவில்லையாம்! "என்ன நடக்குது?" என்பதுதான் அதன் பொருள். அதனால் பதில் "நாட் மச்". "ஹவ்ஸ் இட் கோயிங்?" என்றால்தான் "குட்", "நாட் பேட்" எல்லாம். "சாப்டாச்சா?" என்று கேட்டவரிடம் "சௌக்கியமா இருக்கேன்" என்று சொன்ன கதைதான் என் கதை. நடைவழியில் எதிரே வருகிறவன் "வாட்ஸ் அப்?" என்றால் பதிலே வேண்டாமாம், திருப்பி "வாட்ஸ் அப்?" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாமாம். கேள்விக்குக் கேள்வியே பதில்! இதைப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தராவது சொன்னார்களா? ஆறாம் வகுப்பில் மொத்த வகுப்பும் எழுந்து நின்று "ஃபைன் தேங்க் யூ சார்" என்று ராகம் போட்டோமே, அது ஒன்றுதான் சொத்து. இந்தக் கேள்வியைச் சிலேடையாக்கித்தான் 2009-இல் ஒரு செயலிக்கே பெயர் வைத்தார்கள். அதில் தினம் ஐம்பது குட்மார்னிங் படம் அனுப்பத் தெரிகிறது, கேள்விக்குப் பதில்தான் தெரியவில்லை.

சரி, கற்றுக்கொள்வோம் என்று பொடியனிடமே கேட்டேன். "ஜஸ்ட் சில்லின் சொல்லுங்க சார், கெத்தா இருக்கும்" என்றான் படுபாவி. சொன்னேன். எதிர்ப்பக்கம் ஏழு முகமும் உறைந்துவிட்டது. பேரன் சட்டையைத் தாத்தா போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த மாதிரி. இருபது வயதில் அது பதில், ஐம்பதில் வேஷம். "நாட் மச், யூ?" என்பது மட்டும் எந்த வயதுக்கும் பொருந்துகிறது. என் வயதுக்காரர்களுக்கு "சேம் ஓல்ட், சேம் ஓல்ட்" இருக்கிறது. கொஞ்சம் சலிப்பு, கொஞ்சம் சிரிப்பு. நம் "ஏதோ ஓடுது" மாதிரியே.

மனசு சரியில்லாத நாளில்தான் கூத்தே. காலாண்டு முடிவு, மூன்று நாளாகத் தூக்கமில்லை. "பிஸி, வெரி பேட், நோ ஸ்லீப்" என்று கொட்டிவிட்டேன். அந்த அமெரிக்கப் பையன் பதறி, வேலையைக் குறைக்கலாமா என்று என் மேலாளருக்கே மின்னஞ்சல் போட்டான்! "ஹேங்கிங் இன் தேர்" என்றிருந்தால் போதுமாம். கஷ்டம்தான், ஆனால் சமாளிக்கிறேன், நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதெல்லாம் அதிலேயே அடங்கிவிடுமாம். "பீன் பெட்டர்" என்று சொன்னால் மட்டும் "என்ன ஆச்சு?" என்று அடுத்த கேள்வி வரும். வரட்டும் என்றால் சொல்லலாம்.

இங்கிலாந்துக்காரர்கள் இன்னும் மோசம். ஒருமுறை லண்டனில் தேநீர்க் கடைப் பெண் "யூ ஆல்ரைட்?" என்றாள். முகம் அவ்வளவு வாடியிருக்கிறதா என்று பயந்து, விமானத்தில் வந்த முழங்கால் வலியை விவரித்தேன். அவள் கேட்டது "என்ன வேணும்?" என்று மட்டும்தான். பின்னால் வரிசை நிற்கிறது.

நம் ஊர் மட்டும் ஒழுங்கா என்று என் மனைவி கேட்கிறாள். "என்ன விசேஷம்?" என்று என்னைக் கேட்டால் "ஒண்ணுமில்ல, நீங்கதான் சொல்லணும்" என்று தப்பித்துவிடலாம். கல்யாணமாகி ஆறு மாதமான என் மருமகளிடம் அதையே கேட்கிறார்கள். அவள் "ஒண்ணும் விசேஷமில்ல அத்தை" என்றால், மறுநாளே மருத்துவர் பெயரோடு போன் வருகிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்கப் பையன் அந்த அளவுக்குப் போகவில்லை.

நேற்று தயாராக உட்கார்ந்திருந்தேன். "நாட் மச், யூ?" நாக்கு நுனியில். வீடியோ கால் திறந்தது. பையன் கையை ஆட்டி, "யோ, வாட்ஸ் குட்?" என்றான்.

மைக் வேலை செய்யவில்லை என்று சாட்டில் தட்டிவிட்டேன்.