சுவர் ஈரத்துக்கு அட்வான்ஸில் கைவைப்பதா?

ஊட்டியில் பி.ஜி. அறையைக் காலி செய்யும்போது இதே பாட்டுதான். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, வாடகை பாக்கியில்லாமல் கிளம்பினாலும், சுவரில் ஈரக்கறை என்று 15,000 ரூபாய் அட்வான்ஸில் 4,000 பெயின்ட் செலவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கறையை நன்றாகப் பாருங்கள்! தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை வெள்ளையாய் உப்புப் பூத்து, பெயின்ட் செதிலாக உதிர்ந்தால், அது சுவருக்குள்ளேயே ஊறிய தண்ணீர். குடியிருப்பவர் என்ன செய்வார்? ஜன்னலை மூடி, அறைக்குள் துணி காயப்போட்டால் வருவது வேறு: மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் கருப்புப் புள்ளிகள். அதைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பெரும்பாலும் போய்விடும். இரண்டுக்கும் ஒரே கணக்குப் போடுவது அநியாயம். வாடகை வீடுகளுக்கான 2017 தமிழகச் சட்டமே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வெள்ளையடிப்பதை உரிமையாளர் பொறுப்பில்தான் வைக்கிறது. குடிபோகும் அன்றே பீரோவை நகர்த்திச் சுவரைப் படமெடுத்து, உரிமையாளருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.