தூளைப் பற்றி ஒரு வரியும் இல்லாத கேப்ஷன்

போன வருடம் நான் எழுதிய ஒரு பதிவை இன்றைக்கு முகநூல் மறுபடியும் எடுத்துக் காட்டியது. வாசித்ததும் கூச்சமாகப் போய்விட்டது. கொட்டாஞ்சேனையில் ஒன்பது பெண்கள் சேர்ந்து வறுத்த கறித்தூள் செய்கிறார்கள், அவர்களுக்காக நான் போட்ட முதல் பதிவு அது. "கணவரை இழந்தும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு..." என்று தொடங்கி, "உங்களின் ஒரு பக்கட் இவர்களின் ஒரு நேரச் சாப்பாடு" என்று முடிகிறது. ஒன்பது பேரில் இரண்டு பேர்தான் கணவரை இழந்தவர்கள், மற்ற ஏழு பேரின் கணவன்மாரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள். அதில் ஒருவர்தான் அந்தப் பக்கட்டுகளைத் தன் ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தவர். சரி, எழுதினது நான்தான், வேறு யார் தலையிலும் போட முடியாது.

பதிவு நன்றாக ஓடியது என்பதுதான் இதில் சிக்கலே. அழுகிற பொம்மைகள், கும்பிடுகிற கைகள், பகிர்வுக்கு மேல் பகிர்வு. இரண்டு நாளில் 60 பக்கட் போய்விட்டது. "தூள் வேண்டாம், காசை வைத்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டு பேர் வங்கியில் போட்டும் விட்டார்கள். நான் பெரிய சாதனை செய்த நினைப்பில் போனைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெண்களின் சங்கத்துத் தலைவி அக்காவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக முழுதும் வாசித்தார். பிறகு கேட்டார், "ஏன் பிள்ளை, தூளைப் பற்றி ஒரு வரியும் காணேல்லையே?"

அடுத்த மாதம் 9 பக்கட்தான் போனது. அதில் மூன்றை வாங்கியது என் சொந்தக்காரர்கள்.

ஏன் திரும்பி வரவில்லை என்பது எங்கள் மாமி வெள்ளவத்தையிலிருந்து போன் எடுத்தபோதுதான் தெரிந்தது. "தூள் கசக்குது பிள்ளை, வெந்தயம் கருகியிருக்கு, பாவங்கள் எண்டு நான் சொல்லேல்ல." கேட்டுப் பார்த்தால் உண்மைதான். வெந்தயம் வறுபடும்போது பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவில் இருப்பது கொஞ்ச நேரம்தான், அன்றைக்கு யாரோ கதைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள், அந்தக் கசப்பு முழுத் தூளிலும் ஏறிவிட்டது. 60 வீட்டில் குழம்பு கசந்திருக்கிறது, மாமியைத் தவிர ஒரு வீடும் வாயைத் திறக்கவில்லை. கடையில் வாங்கிய தூள் கசந்தால் பக்கட்டோடு போய்க் கடைக்காரரைப் பிடித்து ஏசுகிற ஆட்கள்தான் இவர்களும். ஆனால் நான் எழுதிய பதிவை வாசித்துவிட்டு எப்படி ஏசுவது? தர்மம் செய்துவிட்டுத் தர்மம் கசக்குது என்று யாராவது சொல்வார்களா?

அந்தக் கேப்ஷன் செய்த உண்மையான கேடு இதுதான் என்று நினைக்கிறேன். மானம் மரியாதை விஷயம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாங்குகிறவருக்கும் செய்கிறவருக்கும் நடுவில் போகவேண்டிய பேச்சை அது அடைத்துவிட்டது. ஏச்சு வராவிட்டால் வெந்தயம் கருகியது எப்படித் தெரியும்?

அப்புறம் நான் இன்னொரு பிழையும் விட்டேன். பாவம் பார்க்கக்கூடாது என்றதும் நேரே மற்றக் கரைக்குப் போய், "இரும்புப் பெண்கள்", "சோதனைகளைச் சாதனையாக்கியவர்கள்" என்று ஒன்றை எழுதிக்கொண்டு போனேன். அக்கா வாசித்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு முழங்கால் நோகுது பிள்ளை, இரும்பாம்." அதிலும் தூள் இல்லை. கண்ணீரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கைதட்டலை வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் ஒரு சனிக்கிழமை காலை போய், குறிப்பெடுக்காமல், அடுப்படியில் சும்மா இருந்து பார்த்தேன். நாலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய செத்தல் மிளகாய் மொட்டைமாடியில் காய்கிறது. ஒரு அக்கா ஒன்றை எடுத்துக் காதுக்குக் கிட்டக் குலுக்குகிறார், உள்ளே விதை கலகலத்தால் காய்ந்தது என்று கணக்கு. மழைக்குணம் இருந்தால் அன்றைக்கு வேலையே இல்லை, செத்தல் ஈரம் இழுத்தால் தூள் கட்டிபிடித்துப் பூஞ்சணம் வைத்துவிடும். மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம் எல்லாம் ஒவ்வொன்றாகத் தாச்சியில் ஏறி இறங்குகின்றன, ஒன்றாகப் போட்டால் சீரகம் கருகும்போது மல்லி பச்சையாகவே கிடக்கும். வெந்தயத்துக்கு இப்போது ஒரே ஒரு ஆள், அவர் வறுக்கும்போது யாரும் அவரோடு கதைக்கக்கூடாது என்று சட்டம். மில்லுக்கு விடியவே போகிறார்கள், முந்தின ஆளின் அரிசிமாவோ மஞ்சளோ மெஷினில் மிஞ்சியிருக்கும், அதனால் முதலில் விழுகிற ஒரு சுண்டு தூளைப் பக்கட்டில் போடாமல் தங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவும் கிடக்க, நான் கணவன்மாரைப் பற்றி எழுதியிருக்கிறேன்!

இப்போது போடுகிற கேப்ஷன் இது: "வறுத்த கறித்தூள், 250 கிராம் 550 ரூபா. கொட்டாஞ்சேனையில் ஒன்பது பேர் சேர்ந்து செய்கிறோம். ஒவ்வொரு சரக்கும் தனியாக வறுபடும், வெந்தயத் தாச்சியில் ஒருவரைத் தவிர யாரும் கை வைப்பதில்லை. மழை நாளில் அரைப்பதில்லை, அதனால் சில கிழமைகளில் தூள் இருக்காது. காரம் கூட, நாலு பேருக்கு மீன் குழம்பு வைக்க ஒரு மேசைக்கரண்டி போதும். குறை இருந்தால் இதே நம்பருக்குச் சொல்லுங்கள், பக்கட்டில் அரைத்த திகதி இருக்கிறது."

பொருளும் விலையும் முதல் வரியிலேயே வருவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் நீளமான பதிவைத் திறந்தால் முதல் சில வரிகள்தான் தெரியும், மிச்சம் "மேலும் பார்க்க" என்பதற்குள் போய் ஒளிந்துவிடும். விலையை மறைத்து "இன்பாக்ஸ் பண்ணுங்கள்" என்று போட்டால் பாதிப்பேர் கேட்கவே மாட்டார்கள். அது மட்டுமில்லை, கேட்கிறவர்களோடு பேரம் பேசவேண்டியதும் அக்காமார்தான்.

சொந்தக் கதையே எழுதக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. சங்கத்தில் ஒருவர் தானாகவே வந்து, "நான் கிழமைக்கடன் முழுக்கக் கட்டி முடிச்சிட்டன் தங்கச்சி, அதைப் போடு" என்றார். போட்டோம். அவர் சொன்ன வசனத்திலேயே, அவர் வாசித்துச் சரி சொன்ன பிறகு. இன்னொருவர் தன் முகம் படத்தில் வேண்டாம், மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், அங்கே யாராவது ஒன்று கேட்பார்கள் என்றார். அவருடைய கை மட்டும் இருக்கிறது, தாச்சியில், அகப்பையோடு. அழுகைக் கேப்ஷனோடு நான் போட்ட குழுப்படத்தில் அவர் முகம் இருந்தது. அன்றைக்கு நான் அவரிடம் கேட்கவேயில்லை. படத்தைப் பிறகு எடுத்துவிட்டேன், ஆனால் பகிர்ந்தவர்களில் சிலர் அதைத் தரவிறக்கித் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள், அதை எடுப்பது எப்படி?

புதுக் கேப்ஷனுக்கு விருப்பக்குறிகள் குறைவுதான், அதைச் சொல்லாமல் விட்டால் பொய். முதல் மாதம் 21 பக்கட். ஆனால் அதில் 14 பேர் மறுபடி கேட்டார்கள். முந்தாநாள் ஒரு அண்ணன் வட்ஸ்அப்பில், "போன முறையைவிட இந்தமுறை காரம் குறைவு, என்ன நடந்தது?" என்று ஒரு நிமிட வொய்ஸ் அனுப்பியிருந்தார். செத்தல் வாங்குகிற கடையை மாற்றியிருந்தார்கள். மனுசன் கண்டுபிடித்துவிட்டார்.

இந்தக் கிழமை மழை, தூள் இல்லை. அதற்கும் மூன்று பேர் ஏசி எழுதியிருக்கிறார்கள். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏசட்டும் பிள்ளை, சனிக்கிழமை வெயில் எறிச்சா ஞாயிறு தாறம் எண்டு சொல்லு" என்றார்.