கையெழுத்து டெல்லியில், ஜேசிபி உள்ளூரில்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது டைம்லைன் முழுக்க வாழ்த்து. நல்லதுதான். ஆனால் கூடவே ஒரு நம்பிக்கையும் பரவியது: "இனி யுனெஸ்கோ பார்த்துக்கொள்ளும்." யுனெஸ்கோ பார்த்துக்கொள்ளாது. பார்த்துக்கொள்வது நம் வேலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பட்டியலில் இடமே கிடைக்கிறது. அந்தக் கையெழுத்துக்கு என்ன பொருள் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

அந்தக் கையெழுத்து விழுவது 1972ஆம் ஆண்டின் உலகப் பாரம்பரிய உடன்படிக்கையில். அதன் 4ஆம் பிரிவு நேரடியாகவே பேசுகிறது. இடத்தைக் கண்டறிவது, காப்பது, பேணுவது, அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பது எல்லாம் முதன்மையாக அந்த நாட்டின் கடமை. தன் வளங்கள் அனுமதிக்கும் உச்ச அளவுக்கு அதைச் செய்ய வேண்டும். சட்டம், ஆட்கள், பணம், ஆய்வு, பயிற்சி என்று என்னென்ன வேண்டும் என்பதை 5ஆம் பிரிவு சொல்கிறது. கூடவே "இயன்றவரை முயல வேண்டும், அந்தந்த நாட்டுக்குப் பொருந்தும் வகையில்" என்று ஒரு தொடரையும் வைத்திருக்கிறது. வக்கீல்கள் முதலில் பிடித்துத் தொங்குவது இந்தத் தொடரைத்தான். கட்டாயமா, வெறும் நல்லெண்ணமா? இந்தக் கேள்விக்கு இரண்டு நாடுகள் வேறு வேறு பதில் சொல்லியிருக்கின்றன.

முதலில் ஜெர்மனி. டிரெஸ்டன் நகரில் எல்பே ஆற்றை ஒட்டிய சுமார் 18 கிலோமீட்டர் பள்ளத்தாக்கு 2004இல் பட்டியலில் ஏறியது. தனித்தனிக் கட்டடங்களுக்காக அல்ல. அரண்மனைகள், ஆற்றோரப் புல்வெளி, திராட்சைச் சரிவுகள் எல்லாம் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் காட்சிக்காக. அந்தப் புல்வெளிக்குக் குறுக்கே நான்கு வழிப் பாலம் கட்டும் திட்டம் ஏற்கெனவே இருந்தது. 2005 பிப்ரவரியில் உள்ளூர் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமானோர் பாலம் வேண்டும் என்றார்கள்.

2006இல் உலகப் பாரம்பரியக் குழு அந்தப் பள்ளத்தாக்கை ஆபத்துப் பட்டியலில் வைத்து, பாலம் வந்தால் பெயரை நீக்குவோம் என்றது. நகர மன்றம் பயந்து பின்வாங்கப் பார்த்தது. ஆனால் சாக்சனி மாநிலச் சட்டப்படி உள்ளூர் வாக்கெடுப்பின் முடிவு மூன்று ஆண்டுகளுக்குக் கட்டுப்படுத்தும். மேலிருந்த மாநில நிர்வாகம் "கட்டு" என்று உத்தரவு போட்டது. நகரம் நீதிமன்றம் போய்த் தோற்றது. 2007இல் கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றமும் தலையிட மறுத்தது. உடன்படிக்கை எந்த மாற்றமும் கூடாது என்கிற முழுப் பாதுகாப்பைத் தரவில்லை. சமரசம் எட்டாவிட்டால் பட்டியல் இடத்தை இழப்பதையும் ஏற்கலாம் என்பது நீதிமன்றத்தின் பார்வை. உடன்படிக்கையை உள்நாட்டில் அமல்படுத்த ஜெர்மனி தனிச் சட்டம் எதுவும் இயற்றியிருக்கவில்லை என்பதும் இங்கே முக்கியம். சுரங்கப்பாதை போடலாமே என்ற யோசனை எடுபடவில்லை. 2009இல் பெயர் நீக்கப்பட்டது. 2013இல் பாலம் திறக்கப்பட்டது. யுனெஸ்கோ தரப்பில் அபராதம் இல்லை, வழக்கு இல்லை. குழுவின் கையில் இருந்த கடைசி ஆயுதமே பெயரை அழிப்பதுதான், அதையும் போட்டுத் தீர்த்தாயிற்று.

இப்போது ஆஸ்திரேலியா. டாஸ்மேனியா மாநில அரசு ஃபிராங்க்ளின் ஆறு வந்து சேரும் இடத்துக்குக் கீழே, கோர்டன் ஆற்றில் நீர்மின் அணை கட்ட முனைந்தது. 1982 டிசம்பரில் அந்தக் காட்டுப் பகுதி பட்டியலில் ஏறியது. 1983 மார்ச்சில் தேர்தலில் வென்ற பிரதமர் பாப் ஹாக்கின் மத்திய அரசு உலகப் பாரம்பரியத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றி அணையைத் தடுத்தது. "நிலம் எங்களுடையது, நீங்கள் யார்?" என்று மாநிலம் வாதாடியது. வெளிநாட்டு விவகார அதிகாரத்தின் கீழ் மத்திய அரசு இப்படிச் சட்டம் போட முடியுமா என்பதே வழக்கு. 1983 ஜூலை 1 அன்று அந்நாட்டின் உச்ச நிலை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் முடியும் என்றது. அந்த "இயன்றவரை" தொடர் எவ்வளவு செய்வது, எப்படிச் செய்வது என்பதில் நாட்டுக்கு இடம் கொடுக்கிறதே ஒழிய, கடமையையே இல்லாமல் ஆக்கவில்லை என்பது பெரும்பான்மையின் வாசிப்பு. அணை வரவில்லை. ஒரே ஒரு நீதிபதி மாற்றி நினைத்திருந்தால் மாநிலம் வென்றிருக்கும்.

இரண்டு இடத்திலும் உடன்படிக்கை ஒன்றே. வித்தியாசம், ஒப்பந்தத்தை உள்ளூர்ச் சட்டமாக்கிய நாடு எது என்பதில்.

இந்தியா 1977இல் உடன்படிக்கையை ஏற்றது. சர்வதேச ஒப்பந்தங்களை நிறைவேற்ற, மாநிலப் பட்டியலில் உள்ள விஷயங்களிலும் சட்டம் இயற்ற அரசியல் சாசனத்தின் 253ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆஸ்திரேலியா பயன்படுத்திய அதே வகைச் சாவி. ஆனால் உலகப் பாரம்பரியக் களங்களுக்கென்று நாம் அதைப் பயன்படுத்தவில்லை. கையில் இருப்பது பழங்கால நினைவுச் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டம். 2010 திருத்தத்துக்குப் பின், மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி; அதற்கு அப்பால் 200 மீட்டர் அனுமதி பெற்றுக் கட்டும் பகுதி. யுனெஸ்கோவிடம் நாம் கொடுத்த வரைபடத்தில் உள்ள களத்தின் எல்லையும் அதைச் சுற்றிய பஃபர் மண்டலமும் வேறு கோடுகள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இந்த இடைவெளியில் விழுந்தது ஹம்பி. 1986இல் பட்டியலில் ஏறியது. துங்கபத்திரையின் மேல் தொங்குபாலங்கள் எழும்பத் தொடங்கியதும் 1999இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போனது. கோயிலை யாரும் இடிக்கவில்லை. கெட்டது ஆறும் பாறையும் கோயிலும் சேர்ந்த நிலக்காட்சி. கர்நாடகம் 2002இல் ஹம்பிக்கென்றே நிர்வாக ஆணையச் சட்டம் இயற்றியது. 2006இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து பெயர் வெளியே வந்தது. அந்தப் பாலங்களில் ஒன்றான ஆனெகுந்திப் பாலமோ முடிவதற்குள் 2009 ஜனவரியில் இடிந்தே விழுந்தது.

சரி, செஞ்சிக்கு வருவோம். அது தனிக் களம் அல்ல. மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்று. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டும் சேர்ந்து பட்டியலில் ஒரே பெயர். நாளைக்கு இங்கே நடக்கும் கூத்துக்காக ஆபத்துப் பட்டியலில் விழுவது ராய்கட் கோட்டையையும் சேர்த்த மொத்தப் பெயர்தான்.

ஒரு உதாரணத்துக்கு, செஞ்சி வழியே போகும் திண்டிவனம்–திருவண்ணாமலைச் சாலையை அகலப்படுத்த முடிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். உடன்படிக்கையின் செயல்பாட்டு வழிகாட்டுதல்களில் 172ஆவது பத்தி என்ன கேட்கிறது? களத்தின் மதிப்பைப் பாதிக்கக்கூடிய பெரிய கட்டுமானம், சீரமைப்பு எதுவானாலும் திட்ட ஆவணம் தயாராகும் முன்னரே, முடிவை மாற்ற இன்னும் வாய்ப்பு இருக்கும்போதே குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். பாரம்பரியத் தாக்க மதிப்பீடும் அப்போதே நடக்க வேண்டும்: ராஜகிரியிலிருந்து கிருஷ்ணகிரியைப் பார்க்கும் பார்வைக்கோட்டில் என்ன எழும்புகிறது, மதிலின் அடித்தளத்துக்கு எவ்வளவு அருகில் தோண்டுகிறார்கள் என்று. நடைமுறையில் டெண்டர் விட்டு, ஒப்பந்ததாரர் இறங்கி, யாரோ படம் எடுத்துப் பாரிஸில் உள்ள யுனெஸ்கோவுக்கு அனுப்பிய பிறகுதான் கடிதப் போக்குவரத்தே ஆரம்பமாகும். அதன்பின் வரும் மதிப்பீடு ஏற்கெனவே எடுத்த முடிவுக்குப் பூசும் சாயம். சாலைப் பொறியாளரை மட்டும் திட்டிப் பயனில்லை. 172 என்று ஒன்று இருப்பதையே அவருடைய கோப்பில் யாரும் எழுதி வைக்கவில்லை.

பரிந்துரை ஆவணமும் எல்லை வரைபடங்களும் whc.unesco.org தளத்தில், அந்தக் களத்தின் பக்கத்திலேயே பொதுவில் கிடக்கின்றன. செஞ்சிப் பக்கம் நிலமோ கடையோ வைத்திருப்பவர்கள் அந்தப் பஃபர் கோட்டைத் தங்கள் சர்வே எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேரூராட்சியில் கட்டட அனுமதி கொடுக்கும் மேசையில் அந்த வரைபடத்தின் நகல் இருக்கிறதா என்றும் ஒரு தகவல் உரிமை மனுப் போட்டுக் கேளுங்கள்.