ஞாயித்துக்கிழமை வகுப்பும் அந்தப் பிள்ளையோட பேரும்

ஞாயித்துக்கிழமை ஜூம் வகுப்புல பிள்ளைங்களைக் குழு குழுவா ரூம் பிரிச்சு விட்டதுக்கு அப்புறம் நடந்ததை குரூப்ல எல்லாரும் பார்த்தீங்க. தன் ரூமுக்குப் போகாம நின்ன குடியாத்தம் பொண்ணைப் பேர் சொல்லி, "ஒரு ரூமுக்குள்ள வரத் தெரியலையா?"ன்னு கேட்டாங்க. எனக்கு இன்னும் ஆறலை.

அவ மேல தப்பே இல்லை. ஜூம்ல முன்கூட்டியே ரூம் பிரிச்சு வைக்கிற லிஸ்ட் ஆளோட பேரைப் பார்க்காது, ஈமெயிலைத்தான் பார்க்கும். அந்த CSV ஃபைல்ல இருக்கிறதே ரெண்டு கட்டம்தான்: Pre-assign Room Name, Email Address. பேருக்கு இடமே கிடையாது. ரெஜிஸ்ட்ரேஷன் வைக்காத மீட்டிங்குல, லிஸ்ட்ல இருக்கிற ஈமெயிலோட சைன்-இன் பண்ணி வந்தாத்தான் உங்க ரூமுக்குப் போவீங்க.

இவ வந்தது அண்ணன் போன்ல. அவங்கம்மா பீடி சுத்துறவங்க, வீட்டுக்கே ஒரே போன்தான். ஜூம்ல இருந்தது அண்ணன் கணக்கு. திரையில தன் பேரைத்தான் போட்டிருந்தா, ஆனா லிஸ்ட்ல இருந்ததோ அட்மிஷன் ஃபார்ம்ல பிரவுசிங் சென்டர்காரர் எழுதிக்கொடுத்த ஈமெயில். எப்படிப் பொருந்தும்? ரூம் திறந்ததும் மத்தவங்க போயிட்டாங்க, இவ மட்டும் மெயின் ரூம்ல நின்னா. அப்பவே வெப்சைட்ல போய் லிஸ்ட்டைத் திருத்தினாங்க. ஓடிக்கிட்டிருக்கிற மீட்டிங்குல அது ஏறாது. ஹோஸ்ட் அவ பேரை ரூமுக்கு மாத்தி விட்டிருந்தா அரை நிமிஷ வேலை. அதை விட்டுட்டுத் திட்டினாங்க.

"ஆட்டோமேட்டிக்கா பிரிச்சா போதுமே"ன்னு சிலர் கேட்கலாம். போதாது. தமிழ் மீடியம் பிள்ளைங்க நாலு பேர் ஒண்ணா இருந்தாத்தான் வாயைத் திறப்பாங்கன்னு பார்த்துப் பார்த்துப் போட்ட குழு அது. "அவங்களே ரூம் தேர்ந்தெடுக்கட்டும்"னா, அதுல நியாயம் இருக்கு, ஜூம்ல அதுக்கு வசதியும் இருக்கு. ஆனா கூட்டாளிங்க எல்லாம் ஒரே ரூம்ல போய் உட்காருவாங்க, கூச்சப்படுறவ மறுபடியும் தனியா நிப்பா. "எல்லாரும் சொந்தக் கணக்கு வெச்சுக்கணும்"னு சொல்றவங்களுக்கு என்கிட்ட பதில் இல்லை. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு வந்து பாருங்க.

வழியை முன்னாடியே சொன்னேன். ரெஜிஸ்ட்ரேஷன் வையுங்க, பிள்ளைங்க எந்த ஈமெயில் கொடுத்துப் பதியறாங்களோ அதையே லிஸ்ட்ல போடுங்க, அவங்கவங்களுக்கு வர்ற லிங்க்குல உள்ளே வரட்டும். ஜூம் கணக்கே இல்லாதவங்களுக்கும் இது சரியா வரும். நம்மளோடது பணம் கட்டின கணக்குதான், ரெஜிஸ்ட்ரேஷன் வசதி அதிலேயே இருக்கு. "எதுக்கு இவ்ளோ வேலை, ஆபீஸ் லிஸ்ட் இருக்கே"ன்னாங்க. இப்ப லிஸ்ட்டும் என் தலையில, பழி அந்தப் பொண்ணு தலையில.

நான் ஏதோ கம்ப்யூட்டர் தெரியும்னு காட்டிக்கிறதா ஒருத்தர் எழுதியிருந்தார். எழுதிக்கட்டும். ராத்திரி உட்கார்ந்து யாரை யாரோட சேர்க்கலாம்னு யோசிச்சவ நான். அவ ரெண்டு நாளா போனை எடுக்கலை.

குரூப்ல திட்டினவங்க குரூப்லயே அவகிட்ட மன்னிப்புக் கேட்கணும். அடுத்த வகுப்புக்கு ரெஜிஸ்ட்ரேஷன் வெச்சாத்தான் லிஸ்ட் தருவேன்.