பாட்டியின் வெள்ளைச் சேலையைக் கூறைச் சேலையாக மாற்றித் தரலாமா?

பினாங்கில் பழைய குடும்பப் படங்களைச் சீரமைத்துக் கொடுக்கும் என்னிடம், திவசம் நெருங்கும்போது பலர் ஒரே கோரிக்கையோடு வருகிறார்கள். தாத்தாவின் தனிப்படத்தையும் பாட்டியின் தனிப்படத்தையும் இணைத்து, பாட்டியின் வெள்ளைச் சேலையைச் சிவப்புக் கூறையாக்கி, குங்குமமும் தாலியும் சேர்த்துத் தர வேண்டும் என்பார்கள். இருவரையும் ஒன்றாகப் பார்க்கும் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனாலும் அந்த உடை மாற்றத்தைச் செய்யக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்துச் சேலையின் நிறத்தைச் சொல்லிவிட முடியாது. ஆர்த்தோகுரோமேட்டிக் என்ற பழைய ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது. அதனால் அதில் சிவப்புச் சேலையும் கறுப்புச் சேலையும் ஒரே இருட்டாக விழும், மஞ்சளும் ஓரளவு கருத்துத் தெரியலாம். பின்னர் பரவலான, சிவப்பு ஒளியையும் உணரும் பான்குரோமேட்டிக் ஃபிலிமில் அதே மஞ்சள் நன்றாக வெளிறிவிடும். உதடும் குங்குமமும் கரியைப் போலக் கருத்திருந்தால் முதல் வகையாக இருக்கலாம் என்று ஊகிக்கலாமே தவிர, நிறத்தை முடிவு செய்ய அது போதாது. வெளிறிய சேலைக்கு அவசரமாக வெள்ளை பூசினால், மஞ்சள் புடவையோடு நின்ற சுமங்கலிக்கு நாமே கைம்பெண் கோலம் போட்டவர்களாவோம். வீட்டில் அந்தச் சேலையோ அதைக் கண்ணால் பார்த்தவரோ இல்லையென்றால் படத்துக்கு வண்ணமே வேண்டாம்.

பூஞ்சைப் புள்ளி, மடிப்புக் கோடு, கிழிசல் ஆகியவற்றைத் தயங்காமல் நீக்கலாம், ஏனெனில் அவை தாளின் சேதம். உடையின் பகுதி அல்ல. கிழிசல் ஜரிகைக் கரையின் மேல் விழுந்திருந்தால், அதே படத்தில் அதே கரை தெளிவாகத் தெரியும் இடத்திலிருந்து மட்டுமே எடுத்து ஒட்டுவேன். வேறொரு சேலையின் கரையைக் கொண்டுவந்தால், நெய்தவர் போடாத அன்னமோ கோபுரமோ அங்கே முளைத்துவிடும். தாலியை மட்டும் நான் வரைவதே இல்லை. அதன் வடிவம் சமூகத்துக்குச் சமூகம் மாறுவதால், மங்கிய இடத்தில் அழகாக ஒன்றை வரைந்தால் அவரை வேறொரு குடும்பத்துப் பெண்ணாகக் காட்டிவிடும்.

அண்மையில் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அம்மாவின் படம் அப்பா காலமான பிறகு எடுத்தது. வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு. அண்ணன் கூறைச் சேலை கேட்டார். “அப்பா போன பிறகு நாங்கள் கலர்ச் சேலை வாங்கிக் கொடுத்தும் அம்மா உடுத்தவில்லையே, அண்ணா,” என்றார் தங்கை. அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்குத் தயக்கம் எதுவும் இருக்கவில்லை. கணவர் மறைந்த பிறகும் வண்ணச் சேலையும் பொட்டும் விடாத அம்மாக்கள் உண்டு. அவர்களுடைய படத்தை வெள்ளையாக்கச் சொன்னாலும் இதே பதிலைத்தான் சொல்வேன். உயிரோடிருப்பவர் என்றால் அவரிடமே கேட்டுவிட வேண்டும். பிள்ளைகளின் விருப்பம் அதற்கு ஈடாகாது.

அவர்களின் அப்பா, அம்மா படங்கள் இரண்டையும் ஒட்டாமல், ஒரே சட்டத்துக்குள் நடுவில் இடைவெளி விட்டு, முகங்கள் ஒரே அளவில் வருமாறு அச்சிட்டுக் கொடுத்தேன். அம்மாவின் முந்தானையில் இருந்த பூஞ்சைக் கறையை மட்டும் நீக்கினேன். எதையும் திருத்தாத ஸ்கேன் கோப்பையும் தனியாகக் கொடுத்து, எந்த இடத்தில் கை வைத்தேன் என்பதைச் சட்டத்தின் பின்புறம் எழுதியிருக்கிறேன்.